கலர் ஷீட்டில் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றித் துரு: ஷீட்டா, ஸ்க்ரூவா, போட்ட கையா?

கேள்வி: "கடலூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில மூணு வருஷத்துக்கு முன்னாடி நீலக் கலர் ஷீட் போட்டோம். கடல் ரெண்டு கிலோமீட்டர் தூரம். ஷீட் இப்பவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்க்ரூ அடிச்ச இடத்துல மட்டும் சுத்தித் துரு. ஷீட் கடைக்காரர் ஸ்க்ரூ சரியில்லைங்கறார், வெல்டர் ஷீட்டே மட்டம்ங்கறார். யார் சொல்றது சரி? மொத்தமா மாத்தணுமா?"

ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூவைப் பார்ப்பதற்கு முன்னால் ஷீட்டின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். மழைத்தண்ணீர் சொட்டி விழும் அந்த விளிம்பு, கம்பெனியில் நீளத்துக்கு வெட்டிய இடம். அங்கேயும் பூச்சு அறுபட்டு உள்ளே இருக்கும் இரும்பு வெளியே தெரியும். ஸ்க்ரூ ஓட்டையின் விளிம்பிலும் அதேதான். ஆனால் கீழ் ஓரத்தில் ஸ்க்ரூவும் இல்லை, வாஷரும் இல்லை, அடியில் ஸ்கொயர் பைப்பும் இல்லை. மூன்று வருடம் கடல்காற்றில் சொட்டச் சொட்ட நனைந்த அந்த விளிம்பு சுத்தமாக இருந்து, ஓட்டைகள் மட்டும் துருப்பிடித்திருந்தால் வெல்டர் சொல்வது தவறு. ஷீட்டின் பூச்சு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, ஓட்டைப் பக்கம் வேறு ஏதோ அதைத் தின்கிறது. கீழ் ஓரம் முழுக்கச் செம்பழுப்பாகி, பெயின்ட் விளிம்பிலிருந்து அரை அங்குலம் வரை கொப்பளித்து உரிகிறது என்றால் கடைக்காரர் தன் சரக்கைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை ஏன் செல்லும் என்றால், ஷீட்டைத் துருவிலிருந்து காப்பது நீலப் பெயின்ட் மட்டும் இல்லை. பெயின்டுக்கு அடியில் உலோகப் பூச்சு ஒன்று இருக்கிறது. பழைய ஜிஐ ஷீட்டில் அது வெறும் துத்தநாகம். இப்போது கடைகளில் 'கால்வால்யூம்' என்று சொல்லிக் கொடுப்பதில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். துத்தநாகம் இரும்பைவிடச் சீக்கிரம் அரியும் உலோகம். இரண்டும் ஒட்டியிருந்து ஈரமும் பட்டால் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பை விட்டுவைக்கும். ஷீட்டின் இரும்பு அரை மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லை என்பதால், அதன் இரு பக்கத்திலும் இருக்கும் பூச்சு நடுவில் தெரியும் வெட்டுவாயைச் சுலபமாகக் காப்பாற்றிவிடும். அலுமினியம் கலந்த பூச்சு வெயில் மழை படும் பரப்பில் அதிக நாள் நிற்கும். ஆனால் வெட்டுவாயைக் காக்கும் விஷயத்தில் சுத்தத் துத்தநாகத்தை விட அது கொஞ்சம் பலவீனம். எப்படி இருந்தாலும் ஓட்டை போட்டதால் மட்டுமே துரு வந்துவிட்டது என்பது பொதுவாகச் சரியான விளக்கம் இல்லை.

பூச்சின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை கடையில் உதவும். ஏ.இசட். 150 என்றால் ஒரு சதுர மீட்டர் ஷீட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் வரும். ஏ.இசட். 70 என்றால் 9 மைக்ரான்தான். இரண்டுக்கும் மேலே ஒரே நீலப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வெல்டராலும் முடியாது, என்னாலும் முடியாது. பூச்சின் கனம் பார்க்கும் மீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். எனவே உங்கள் ஷீட் எந்த ரகம் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, கீழ் ஓரம் சுத்தமாக இருந்தால் மூன்று வருடத்தில் ஓட்டை மட்டும் துருப்பிடிக்க ஷீட்டின் ரகம் முதல் காரணம் இல்லை என்பதுதான்.

ஓட்டைப் பக்கம் தெரியும் பழுப்பு எல்லாமே ஷீட்டின் துருவும் இல்லை. செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ இறங்கும்போது ஷீட்டையும் அடியில் உள்ள பைப்பையும் துளைத்துச் சின்னச் சின்னச் சுருளாக இரும்புப் பிசிறைத் துப்பும். பூச்சே இல்லாத பச்சை இரும்பு அது, சூடாக விழுவதால் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் மழைக்கே பழுக்கத் தொடங்கி, ஸ்க்ரூவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகவும், தண்ணீர் ஓடும் திசையில் வால் விட்ட மாதிரியும் கறை தெரியும். மேலே நின்று கட்டிங் வீலில் ஷீட்டை வெட்டியிருந்தால் இன்னும் மோசம், தீப்பொறி விழுந்த இடமெல்லாம் பெயின்டைச் சுட்டு உள்ளே பதிந்திருக்கும். விரல் நகத்தால் அந்தப் புள்ளியைச் சுரண்டுங்கள். புள்ளி உதிர்ந்து, அடியில் நீலப் பெயின்ட் முழுதாகத் தெரிந்தால் அது வெறும் கறை, ஷீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியே விட்டுவைத்தால் நாளாவட்டத்தில் அந்தத் தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பெயின்டையும் அடிப்பூச்சையும் கெடுக்கும். அதனால் வேலை நடந்த அன்றே சாயங்காலம் மென்மையான துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட வேண்டும். இதைச் செய்கிற ஆட்கள் அபூர்வம், கூலி பேசும்போதே சொல்லி வைத்தால்தான் நடக்கும்.

நிஜமான துரு வாஷருக்கு அடியிலிருந்து ஆரம்பிக்கும். ஸ்க்ரூத் தலைக்குக் கீழே ஒரு உலோக வட்டும் அதற்கடியில் ஒரு ரப்பர் வட்டும் இருக்கும். அது வெயில் தாங்கும் ஈபிடிஎம் ரக ரப்பராக இருந்து, உலோக வட்டின் ஓரம் வரை லேசாகப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் தண்ணீர் உள்ளே போகாது. நம் ஊரில் ஸ்க்ரூ கன்னுக்குப் பதில் இம்பாக்ட் டிரைவர் வைத்து, சத்தம் மாறும் வரை அழுத்துகிறார்கள். ரப்பர் வெளியே பாவாடை மாதிரி சுருண்டு கிழிகிறது. ஷீட்டின் மேட்டில் அடித்த ஸ்க்ரூ என்றால் அடியில் வெற்றிடம்தானே, மேடு உள்ளே அமுங்கி ஸ்க்ரூவைச் சுற்றிக் குழியாகிவிடும். அந்தக் குழியில் ஒவ்வொரு மழைக்கும் அரை ஸ்பூன் தண்ணீர் தங்கும். கடல்காற்றில் வரும் உப்பும் அங்கேயே சேரும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது, ராத்திரிப் பனியில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனையும். மற்ற இடத்தில் ஷீட் மழை பெய்து இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், இந்த வளையத்தில் மட்டும் ஈரம் நாள் கணக்கில் நிற்கும். குழி விழும்போது பெயின்ட் நீண்டு வெடித்திருப்பதும் சேர்ந்துகொண்டால், அடியில் இருக்கும் 20 மைக்ரான் பூச்சு தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

இறுக்கம் குறைந்தாலும் இதே கதைதான், வழி மட்டும் வேறு. வாஷரைக் கையால் சுற்ற முடிந்தால் தண்ணீர் உள்ளே கசிந்து ஸ்க்ரூ மரை வழியாக இறங்கும். ஸ்க்ரூ சாய்ந்து இறங்கியிருந்தால் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் பிளந்திருக்கும். இன்னொன்று, மலிவான ஸ்க்ரூக்களில் ரப்பர் என்ற பெயரில் பிவிசி வட்டு வரும். புதிதில் வித்தியாசம் தெரியாது, ஓரிரு வெயில் காலத்தில் கெட்டிப்பட்டுவிடும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி வட்டை மடித்துப் பாருங்கள். ஈபிடிஎம் மடிந்து திரும்பப் பழைய நிலைக்கு வரும், கெட்டுப்போனது வெடிக்கும் அல்லது மடித்தபடியே நிற்கும். கெட்டிப்பட்ட வாஷர், ஷீட் வெயிலில் நீண்டு சுருங்குவதைத் தாங்காது. 6 மீட்டர் ஷீட் ஒன்று, உச்சி வெயிலுக்கும் திடீர் மழைக்கும் நடுவே 40 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் சுருங்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, தினமும் இந்த இழுபறி நடந்தால் ஓட்டை நீளவாக்கில் தேய்ந்து பெரிதாகும்.

அடுத்தது ஸ்க்ரூவே. இதில் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பளபளப்பான ஸ்க்ரூவில் மின்முலாம் பூசிய துத்தநாகம் சில மைக்ரான்தான் இருக்கும், ஷீட்டில் இருப்பதில் ஒரு சிறு பங்கு. கடலோரத்தில் தலை ஓரிரு வருடத்தில் பழுத்துவிடும், அந்தத் துருத்தண்ணீர் வழிந்து ஷீட்டே துருப்பிடித்த மாதிரி காட்டும். ஷீட்டின் நிறத்துக்கே பெயின்ட் அடித்த ஸ்க்ரூ என்றால் சாக்கெட் பட்டு மூலைகளில் பெயின்ட் போயிருக்கும், முதலில் பழுப்பது அந்த அறுகோணத்தின் மூலைகள்தான். உடனே யாராவது "எஸ்எஸ் ஸ்க்ரூ போடுங்க, துருவே பிடிக்காது" என்பார்கள். ஸ்க்ரூவுக்குத் துரு பிடிக்காது, வாஸ்தவம்தான். ஆனால் எஸ்எஸ்ஸும் துத்தநாகம், அலுமினியம் கலந்த பூச்சும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு பூச்சின் பக்கம் போகும், ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள ஷீட்தான் சீக்கிரம் கெடும். ஷீட் தயாரிப்பாளர்களே இந்தக் கூட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டியது, கனமான துத்தநாக அல்லது துத்தநாக-தகரப் பூச்சு உள்ள, கடலோரத்துக்கென்றே விற்கும் ஸ்க்ரூ. ஆஸ்திரேலியத் தரம் ஏ.எஸ். 3566 இல் வகுப்பு 4 என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லது. விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், மொத்த ஷீட் செலவில் அது பெரிய தொகை இல்லை.

பலரும் பார்க்காமல் விடுவது அடிப்பக்கம். ஷீட்டின் மேல்பக்கம் கலர் பெயின்ட் 20 மைக்ரான் இருந்தால் அடிப்பக்கம் வெறும் 5, 7 மைக்ரான்தான் இருக்கும், அது வீட்டுக்குள் பார்க்கும் பக்கம் என்று நினைத்துச் செய்தது. கூரை அடியில் மழை படாததால் உப்பு கழுவப்படவும் மாட்டாது. பள்ளத்தில் அடித்த ஸ்க்ரூ என்றால் ஷீட்டும் பைப்பும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும், கசிந்த தண்ணீர் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பைப் மேல் ஒரு கோட் ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து, வெல்டிங் செய்த இடத்தில் அதுவும் கருகியிருந்தால் துரு பைப்பில் தொடங்கி ஷீட்டுக்கு ஏறும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: மாடியில் ஷெட்டுக்குள் நின்று, வெளியே துரு தெரியும் ஸ்க்ரூவுக்கு நேர் கீழே நிமிர்ந்து பாருங்கள். பைப்பில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் வெளியே மட்டும் ஸ்க்ரூவை மாற்றுவது பாதி வேலைதான்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீன் வலை வைக்கும் கொட்டகையில் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்ய வேண்டிய சோதனை அப்படியே அதில் இருக்கிறது. அவர்களும் ஷீட்டை மொத்தமாக மாற்றும் முடிவில் இருந்தார்கள். கீழ் ஓரத்தைப் பார்த்தோம், சுத்தம். பிறகு நாலு இடத்தில் ஸ்க்ரூ கழற்றினோம்: கீழ் வரிசை, நடு வரிசை, முகட்டுப் பட்டி, பக்கச்சுவர் ஓரம். கீழ், நடு வரிசைகளில் வாஷர் மென்மையாக இருந்தது, அடியில் ஷீட் புதுசு மாதிரி வட்டமாக நீலம். சுற்றித் தெரிந்த பழுப்பு வெறும் பிசிறுக் கறை. முகட்டுப் பட்டியை மட்டும் பிறகு வேறு ஆள் வந்து போட்டிருக்கிறார், ஸ்க்ரூ வேறு ரகம். வாஷர் பிளாஸ்டிக் மாதிரி வெடித்தது, ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி, அதற்கு உள்வட்டத்தில் செம்பழுப்பு. வெள்ளைப் பொடி என்பது பூச்சு அரிந்து கிடப்பது, செம்பழுப்பு என்பது பூச்சு தீர்ந்து இரும்பு அரிய ஆரம்பித்தது. இரண்டும் சேர்ந்து தெரிவதால், அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதிக தூரம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டோம். பக்கச்சுவர் ஓரம் தனிப் பிரச்சினை. சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையே மேஸ்திரி சிமென்ட் கலவை பூசி அடைத்திருந்தார். ஈரச் சிமென்டின் காரம் அலுமினியம் கலந்த பூச்சைத் தின்றுவிடும். அங்கே கலவையைத் தட்டியெடுத்ததும் ஒரு ஷீட்டின் ஓரம் கையோடு வந்தது. கடைசியில் மாற்றியது அந்த ஒரு ஷீட்டும் முகட்டு ஸ்க்ரூக்களும்தான்.

உங்கள் வீட்டிலும் அதேபோல நாலைந்து இடத்தில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். ஓட்டையின் விளிம்பை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்துங்கள். இரும்பு கெட்டியாக இருந்தால் சரிசெய்யலாம், பொறுபொறுவென்று உதிர்ந்தால் அந்த இடம் தீர்ந்தது. கெட்டியாக இருக்கும் ஓட்டைகளில் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போட்டு உப்பையும் கறையையும் கழுவுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அது பூச்சைக் கிழித்துப் புதுப் பிசிறையும் விட்டுவிட்டுப் போகும். செம்பழுப்பு தெரியும் வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்ததும் துத்தநாகப் ப்ரைமர் அந்த வளையத்துக்கு மட்டும் வையுங்கள். பெயின்டை அகலமாக இழுத்துப் பூசினால் ஒரு வருடத்தில் அது வெளிறி, கூரை முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். பிறகு பழைய 5.5 மில்லிமீட்டர் ஓட்டையில் 6.3 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்க்ரூவை ஈபிடிஎம் வாஷரோடு போடுங்கள், அது பைப்பில் புது மரை பிடிக்கும். மேட்டில் போடுவதாக இருந்தால் ஷீட்டின் உயரத்துக்கு ஏற்ற நீளம் பாருங்கள். பைப்பும் தேய்ந்து பிடி கிடைக்கவில்லை என்றால் பக்கத்து மேட்டில் புது ஓட்டை போட்டு, பழைய ஓட்டையைத் தண்ணீர் புகாத ரிவெட் வைத்து அடைத்துவிடுங்கள்.

சிலிக்கானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரூத் தலைமேல் சிலிக்கானைப் பிழிந்து மூடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் டியூபைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும், காய்வதற்குள் அது விடும் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். தேவைப்பட்டால் 'நியூட்ரல் க்யூர்' என்று எழுதிய டியூப் வாங்குங்கள். அதுவும் சுத்தமாகக் கழுவிக் காய்ந்த ஷீட்டில்தான் வேண்டும், துருவின் மேல் வைத்து மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகும்.

ஷீட்டை மொத்தமாக மாற்ற வேண்டிய நிலை இரண்டு: நீங்கள் கழற்றிப் பார்த்ததில் பாதிக்கு மேல் ஓட்டை விளிம்புகள் நுனி பட்டதும் உதிர்வது, அல்லது கீழ் ஓரத்திலும் ஷீட் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்திலும் பெயின்ட் கொப்பளித்து உரிவது. அப்படி இல்லாமல் கறையும் சில செம்பழுப்பு வளையமும்தான் என்றால் ஸ்க்ரூ மாற்றும் வேலை போதும். ஆட்கள் அதைச் செய்ய ஒத்துக்கொள்ளும்போது மூன்றைச் சொல்லிவிடுங்கள்: இம்பாக்ட் டிரைவருக்குப் பதில் ஆழம் கட்டுப்படுத்தும் மூக்கு உள்ள ஸ்க்ரூ கன் கொண்டுவர வேண்டும், வெட்டும் வேலை இருந்தால் கீழே இறக்கி, தகரக் கத்தரியில் வெட்ட வேண்டும், அன்றைய பிசிறை அன்றே கூட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும், கழுவிய ஷீட் காய்ந்து ப்ரைமர் பிடிக்க வெயில் வேண்டும், ஆகவே ஆவணிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.